மலை ஸ்கூல்ல நாய் பாடம் எடுக்கறது எப்படி: டீச்சர்களும் பெத்தவங்களும் கேக்குற கேள்விகள்

நான் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் ஏரியால பிரைமரி ஸ்கூல் டீச்சர். ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் ஒரே ஹால்ல உக்கார வச்சு நாய் பத்தி மூணு நாள் பாடம் எடுக்கறோம், ஒரு நாளைக்கு நாப்பது நிமிஷம். முதல் நாள் நாய் பேசுற பாஷை, ரெண்டாம் நாள் உடம்பால செய்யற பயிற்சி, மூணாம் நாள் கடிச்சா என்ன பண்றதுன்னும் வீட்டு நாயை எப்படி பாத்துக்கறதுன்னும். இதை கேட்டுட்டு பக்கத்து ஸ்கூல் டீச்சருங்க, அம்மா அப்பாங்க கேட்ட கேள்விகளைத்தான் இங்க போட்டிருக்கேன்.

"தெரு நாய்கிட்ட போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதாதா டீச்சர், அதுக்கு எதுக்கு மூணு நாள்?"

போதாது. ஏன்னா சின்ன பிள்ளைங்களை கடிக்கறதுல நிறைய தெரிஞ்ச நாய்தான், சொந்த வீட்டு நாய், இல்ல எஸ்டேட் தொழிலாளிங்க வரிசை வீடா குடியிருக்கற லயன்ல பக்கத்து வீட்டு நாய், தினமும் வால் ஆட்டிட்டு கூடவே வர்ற நாய். தெரு நாய்னு சொன்னதும் பிள்ளைங்க மனசுல ஒரு பெரிய கறுப்பு நாய் வருது, நம்ம மணி அதுல சேராதுன்னு நெனச்சுக்குதுங்க, அந்த மணி சோறு தின்னுட்டு இருக்கறப்போ அதோட தட்டுல கைய விடுதுங்க. அதனால நான் தெரு நாய், வீட்டு நாய்னு பிரிச்சு சொல்றதையே விட்டுட்டேன். எந்த நாயா இருந்தாலும் இப்போ அது என்ன செஞ்சுட்டு இருக்கு, அதோட உடம்பு என்ன சொல்லுதுன்னு பாக்கணும், அவ்வளவுதான் முதல் நாள் பாடம்.

தொடவே கூடாத நேரம்னு நாலு சொல்லிக் கொடுப்பேன். சாப்பிடறப்போ, தூங்கறப்போ, குட்டியோட இருக்கறப்போ, கட்டிப் போட்டிருக்கறப்போ. நம்ம ஊர்ல மழை விட்டு பனிக்காலம் தொடங்கறப்போ எந்த ஷெட் அடியில பாத்தாலும் குட்டிங்க இருக்கும், பிள்ளைங்களுக்கு அதை தூக்காம இருக்க முடியாது. அதனால குட்டி விஷயத்துக்கு மட்டும் தனியா பத்து நிமிஷம் ஒதுக்கிடுங்க.

"நாய் வால ஆட்டினா பிரெண்ட்லியாதானே இருக்கு? அதைத்தானே பசங்களுக்கு காலங்காலமா சொல்றோம்?"

இந்த ஒரு வரியைத்தான் முதல்ல அழிக்கணும். வால் ஆடினா நாய் ஏதோ ஒரு வேகத்துல இருக்குன்னுதான் அர்த்தம், சந்தோஷமா கோவமான்னு வாலை மட்டும் பாத்து சொல்ல முடியாது. உடம்பு மொத்தமும் தளர்ந்து, இடுப்பு வரைக்கும் நெளிஞ்சு, வால் அகலமா ஆடுதுன்னா அது சந்தோஷம். வால் மேல தூக்கி கொம்பு மாதிரி நின்னு நுனி மட்டும் விறுவிறுன்னு ஆடுது, உடம்பு அசையாம விறைப்பா இருக்குன்னா அது எச்சரிக்கை.

பிள்ளைங்களுக்கு கஷ்டமானது முகம். நாலஞ்சு வயசுப் பிள்ளைங்ககிட்ட பல்லைக் காட்டி உறுமுற நாய் படத்தை காட்டி கேட்டீங்கன்னா நிறைய பேர் "நாய் சிரிக்குது"ன்னு சொல்லும், ஏன்னா மனுஷங்க பல்லு தெரிஞ்சா சிரிப்புன்னுதானே அதுங்களுக்கு தெரியும். எங்க ஒண்ணாம் கிளாஸ்லயும் அதேதான் நடந்துச்சு, ஒரு பாப்பா அந்த படத்தை பாத்து திரும்ப சிரிச்சு காட்டினா. அதுக்கப்புறம்தான் முதல் நாள் பாதி நேரத்தை படத்துக்கே கொடுக்கணும்னு முடிவு பண்ணேன்.

நான் சொல்லிக் கொடுக்கற அடையாளம் ரொம்ப கொஞ்சம்தான், நிறைய சொன்னா ஒண்ணும் நிக்காது. கண்ணுல வெள்ளை ஓரமா பிறை மாதிரி தெரியுது, காது பின்னாடி ஒட்டிக்குது, சாப்பாடு இல்லாமலேயே உதட்டை நக்குது, வால் கால் நடுவுல போகுது. இதெல்லாம் "என்னை விட்டுடு"ன்னு அது சொல்றது. உறுமல் அதுக்கு அடுத்த படி. இங்க பெத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், நாய் உறுமினா அடிக்காதீங்க. உறுமல்ங்கறது கடிக்கறதுக்கு முன்னாடி அது கொடுக்கற கடைசி நோட்டீஸ், அதுக்கு அடி வாங்கின நாய் அடுத்த தடவை நோட்டீஸ் கொடுக்காம நேரா கடிக்கும்.

"கிளாஸுக்கு ஒரு நல்ல நாயை கூட்டிட்டு வந்து காட்டினா பசங்களுக்கு பயம் போகுமே?"

முதல் மூணு நாளும் வேண்டாம்னுதான் நான் சொல்வேன். முப்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல கத்திட்டு ஓடி வந்தா எந்த நல்ல நாயும் மிரளும், மிரண்ட நாயை வச்சு பாடம் எடுக்க முடியாது. அதோட உங்க கிளாஸ்ல ஏற்கனவே கடி வாங்கின பிள்ளை ஒண்ணாவது இருக்கும், அது வாயைத் திறந்து சொல்லாது, மூலையில போய் நிக்கும்.

நான் பயன்படுத்தறது ஒரு பொம்மை நாய், கழுத்துல கயிறு கட்டி தரையில இழுப்பேன். சில டீச்சருங்க ஒரு பையனையே நாயா நடிக்க வைப்பாங்க, அது சரிப்படாது, நாயா நடிக்கற பையன் குரைச்சு பாஞ்சு கலாட்டா பண்ணி மத்ததுங்க ஓட ஆரம்பிச்சுடும், நாம ஓடாதேன்னு சொல்லிக் கொடுக்க வந்து ஓடப் பழக்கி விட்டுடுவோம். நாய் வேஷம் டீச்சர்தான் போடணும்.

"நாய் துரத்தினா என்ன செய்யச் சொல்லிக் கொடுக்கறீங்க? ஓடாதேன்னு சொன்னா பயத்துல பிள்ளை ஓடத்தானே செய்யும்?"

சரியா கேட்டீங்க, "ஓடாதே"ன்னு சொல்றது பாடமே இல்ல. ஓடறதுக்கு பதிலா என்ன செய்யணும்னு உடம்புக்கு பழக்கணும். உலகம் பூரா இதுக்கு "மரம் மாதிரி நில்லு"ன்னுதான் சொல்லிக் கொடுக்கறாங்க. நம்ம பிள்ளைங்களுக்கு இன்னும் ஈஸி, தேயிலை தோட்டத்துல வரிசையா நிக்கற சில்வர் ஓக் மரத்தை தினமும் பாக்குதுங்களே, அதனால எங்க ஸ்கூல்ல அதுக்கு பேரே "ஓக் மரம்"தான்.

ஓக் மரம்னு நான் சொன்னதும் ரெண்டு காலும் சேந்து நிக்கும், அது அடிமரம். ரெண்டு கையும் கோத்து வயித்துக்கு முன்னாடி கீழ தொங்கும், கிளை மடங்கியாச்சு. கண்ணு தன்னோட செருப்பைப் பாக்கும், வேரைப் பாக்கறோம். வாய் மூடி மனசுக்குள்ள எண்ணும். நாய் வந்து மோந்து பாக்கும், சுத்தி வரும், ஆடாம நிக்கற ஆளுகிட்ட அதுக்கு விளையாடவும் துரத்தவும் ஒண்ணும் இல்ல, பெரும்பாலும் போயிடும். போனதும் திரும்பி ஓடக் கூடாது, நாய் இருக்கற பக்கம் முதுகு காட்டாம மெதுவா பக்கவாட்டுல நகந்து போகணும்.

ரெண்டாவது, கீழ விழுந்துட்டா. அதுக்கு எங்க பேரு "ஊட்டி உருளைக்கிழங்கு". முட்டியை வயித்தோட சேத்து, முகத்தை தரைப்பக்கம் வச்சு, விரல் கோத்து பின்கழுத்தை மூடி, முழங்கை ரெண்டும் காதை மறைக்கற மாதிரி சுருண்டுக்கணும். சின்ன பிள்ளைங்களுக்கு முகமும் கழுத்தும் நாயோட வாய் உயரத்துக்கே இருக்கு, பெரியவங்களுக்கு காலுல விழற கடி அதுங்களுக்கு முகத்துல விழுது, அதனாலதான் இந்த உருளைக்கிழங்கு ரொம்ப முக்கியம். ஸ்கூல் பேக் முதுகுல இருந்தா கழட்ட வேண்டாம், அது முதுகுக்கு ஒரு கவசம்.

இதுல வழக்கமா நடக்கற தப்பு என்னன்னா, மரமா நிக்கற பிள்ளை, நாய் தன் முதுகுப் பக்கம் போனதும் தலையை மட்டும் திருப்பிப் பாக்கும். தலை திரும்பினா தோள் திரும்பும், தோள் திரும்பினா கால் எடுக்கும், அப்புறம் ஓட்டம்தான். அதனால பொம்மை நாயை நான் வேணும்னே பின்பக்கமா இழுத்துட்டு போவேன், தலை திருப்பின பிள்ளை இன்னொரு தடவை செய்யணும். இன்னொரு தப்பு சிரிப்பு, ஒண்ணு சிரிச்சா வரிசையே சிரிக்கும். அதுக்கு திட்ட வேண்டாம், மூணு மூணு பேரா பிரிச்சு விட்டா அடங்கிடும்.

"காலையில மிஸ்ட்ல நடந்து வர்ற பிள்ளைங்களைப் பாத்துதான் நாய் அதிகமா பாயுது, அது ஏன்?"

இதை கீழ்நாட்டுல யாரும் கேக்க மாட்டாங்க, நம்ம மலைக்குன்னே இருக்கற பிரச்சனை. மூடுபனியில நாய்க்கும் பத்தடி தாண்டி தெரியாது, வளைவுல திடீர்னு ஒரு உருவம் வருது, அதுவும் குல்லா போட்டு ரெயின்கோட் தொப்பியை இழுத்து விட்டு முதுகுல பேக் வேற, நாய்க்கு அது மனுஷன் மாதிரியே இருக்காது. அதோட குடை. ஒரு நாய் பக்கத்துல வந்து நிக்கறப்போ படக்குனு குடையை விரிச்சா அதுக்கு தன்னை அடிக்க வர்ற மாதிரிதான்.

அதனால ரெண்டாம் நாள் பயிற்சியை நாங்க ரெயின்கோட் போட்டுட்டும் ஒரு தடவை செய்யறோம். தனியா வராம கூட்டமா பேசிட்டே வரச் சொல்லணும், சத்தம் முன்னாடியே போனா நாய் திடுக்கிடாது (காட்டெருமைக்கும் அதேதான் நல்லது, மிஸ்ட்ல அதுவும் நின்னுட்டு இருக்கும்). நாய் இருக்கற வளைவு வந்தா தொப்பியை தள்ளி விட்டு முகம் தெரியற மாதிரி நடக்கணும். நாய் தெரிஞ்சப்புறம் குடையை விரிக்கவும் கூடாது மடக்கவும் கூடாது, எப்படி இருக்கோ அப்படியே. வெயில் வந்ததும் ரோட்டு நடுவுல படுத்து சூடு காயற நாயை தாண்டி குதிக்காம சுத்திப் போகணும்.

"எங்க ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ளேயே அஞ்சாறு நாய் இருக்கு, விரட்ட விரட்ட வருது, என்ன பண்றது?"

அதுங்க எதுக்கு வருதுன்னு பாருங்க. எங்க ஸ்கூல்ல சமையல் ரூம் பின்னாடி முட்டை ஓடும் மிச்ச சோறும் கொட்டற ஒரு குழி இருந்துச்சு, காலை சாப்பாடு, மதிய சாப்பாடுன்னு ரெண்டு வேளையும் அங்க விருந்து. மூடி போட்ட டிரம் வச்சு தினமும் சாயங்காலம் காலி பண்ண ஆரம்பிச்சதும் ஒரு மாசத்துல நாய் வரத்து குறைஞ்சது. முட்டை தின்ன கையோட விளையாட ஓடக் கூடாதுன்னும் சேத்து சொல்லுங்க, சோப்பு போட்டு கழுவிட்டு போகணும், கையில முட்டை வாசனை இருந்தா நாய் விரலைத்தான் மோந்து பாக்கும், பிள்ளை பயந்து கையை வெடுக்குனு இழுக்கும், இழுக்கற கையை நாய் கவ்வும்.

கல் எறியற பழக்கத்தையும் இங்கயே நிறுத்தணும். ஒரு பையன் எறிஞ்சுட்டு ஓடிடுவான், பின்னாடி வர்ற ஒண்ணாம் கிளாஸ் பாப்பாதான் மாட்டிக்கும்.

"ரேபிஸ் பத்தி எவ்வளவு சொல்லலாம்? போன்ல ஒரு வீடியோ இருக்கு, தண்ணியைப் பாத்தா நோயாளி அலறுறது, அதை காட்டினா பயத்துல ஜாக்கிரதையா இருப்பாங்கல்ல?"

தயவு செஞ்சு காட்டாதீங்க. இந்த பாடம் மொத்தத்துலயும் நான் ரொம்ப அழுத்தி சொல்ற விஷயம் இதுதான். பயந்த பிள்ளை ஜாக்கிரதையா இருக்காது, கடியை மறைக்கும். "எனக்கும் அப்படி ஆயிடுமோ, வீட்ல சொன்னா அடிப்பாங்களோ, வயித்துல ஊசி போடுவாங்களோ"ன்னு நெனச்சு சாக்ஸை இழுத்து விட்டுக்கும். ரேபிஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்த முடியாது, அறிகுறி வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டா தடுத்துடலாம், அதாவது பிள்ளை வாயைத் திறந்து சொல்றதுலதான் உயிரே இருக்கு. அப்போ அது சொல்ற மாதிரி நாமதான் வழி பண்ணணும்.

நான் சொல்றது ஒரு கதை, உண்மைக் கதை. 1885 ஜூலை மாசம், இப்போ பிரான்ஸ்ல இருக்கற அல்சேஸ்ல ஜோசப் மைஸ்டர்னு ஒன்பது வயசுப் பையன், உங்க நாலாம் கிளாஸ் வயசு, அவனை வெறி நாய் கடிச்சிடுச்சு, லூயி பாஸ்டர் தான் கண்டுபிடிச்ச தடுப்பு மருந்தை அவனுக்கு போட்டார், அவன் பொழச்சுட்டான். அந்த பாஸ்டர் பேர்ல நம்ம குன்னூர்லயே ஒரு இன்ஸ்டிட்யூட் 1907ல இருந்து இருக்கு, வெறிநாய்க்கடி மருந்துக்காகவே ஆரம்பிச்ச இடம். குன்னூர் போற பஸ்ல அதைத் தாண்டிப் போன பிள்ளைங்க உடனே கையைத் தூக்கும், "டீச்சர் நான் பாத்திருக்கேன்"னு. பயம் அங்கயே பாதி இறங்கிடும். வயித்தைச் சுத்தி பதினாலு ஊசிங்கறது தாத்தா காலத்துக் கதை, இப்போ தோள்பட்டையிலதான் போடறாங்கன்னும் கையைத் தொட்டுக் காட்டி சொல்லிடுங்க.

"கடிச்சா உடனே பிள்ளையே செய்ய வேண்டியது என்ன? மஞ்சள், காப்பித்தூள் வைக்கறாங்களே?"

பிள்ளைக்கு ரெண்டே வேலை: பெரியவங்ககிட்ட சொல்லு, சோப்பு போட்டு கழுவு. வரிசை எப்படி இருந்தாலும் பரவால்ல, ரெண்டும் நடக்கணும். கழுவறது பதினஞ்சு நிமிஷம். இது விளையாட்டு நம்பர் இல்ல, எச்சில்ல வந்த வைரஸ் காயத்துலதான் இருக்கும், சோப்பு அதோட மேலுறையை உடைக்கும், ஓடற தண்ணி அடிச்சுட்டு போகும். ஆனா பதினஞ்சு நிமிஷம்னா எவ்வளவு நேரம்னு பெரியவங்களுக்கே தெரியாது, ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டு கழுவியாச்சும்பாங்க. அதனால நாங்க ஹால் கடிகாரத்தைக் காட்டி, பெரிய முள் மூணு நம்பர் தாண்டற வரைக்கும்னு பழக்கறோம், ரெண்டாம் கிளாஸ் மணி பாக்கற பாடமும் அதுலயே முடிஞ்சிடும்.

குழாய்ல தண்ணி வராத நாள்தான் நம்ம பக்கம் அதிகம், அதனால ஒரு நாள் செஞ்சே பாத்தோம். குடத்துல இருந்து சொம்புல மொண்டு சின்ன தாரையா ஊத்தினா பதினஞ்சு நிமிஷத்துக்கு மூணு குடம் ஆச்சு. அதோட ஜனவரி காலையில அந்த தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், பிள்ளை அழுதுட்டே காலை இழுத்துக்கும், அதனால ஒரு குடத்துல கொஞ்சம் வெந்நி கலந்து வெதுவெதுன்னு பண்ணிக்கலாம், தப்பில்ல. சூடா வேண்டாம்.

மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வேண்டாம், கட்டும் இறுக்கிப் போட வேண்டாம். காயம் எரிஞ்சு புண்ணாகும், டாக்டர் பாக்கவும் முடியாது. கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. ஆரம்ப சுகாதார நிலையத்துல ஊசி இலவசம். ரத்தம் வராத கீறலா இருந்தாலும் ஊசி உண்டு, ரத்தம் வந்திருந்தாலோ புண்ணு மேல நாய் நக்கியிருந்தாலோ ஊசியோட, வைரஸை உடனே அடக்கற எதிர்ப்பு மருந்தான சீரமும் காயத்தைச் சுத்தி போடணும், அதுக்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. முழுசான தோல் மேல நக்கினா கழுவினா போதும். நாய்க்குட்டி கடிச்சாலும் பூனை பிராண்டினாலும் இதே கணக்குதான், குட்டிக்கு ஏது வெறின்னு விட்டுடாதீங்க.

"இந்த பாடத்தால நிஜமா ஏதாவது நடந்திருக்கா, இல்ல சார்ட் ஒட்டறதோட சரியா?"

ஒண்ணு சொல்றேன். மூணாம் நாள் பாடம் முடிஞ்சு பெல் அடிச்சப்புறம் மூணாம் கிளாஸ் பையன் ஒருத்தன் போகாம நின்னான். "டீச்சர், நாய் கடிச்சு நாள் ஆயிட்டா கழுவலாமா?" யாருக்குன்னு நான் கேக்கல, கழுவலாம் கண்ணு, எத்தனை நாள் ஆச்சுன்னுதான் கேட்டேன். சாக்ஸை இறக்கிக் காட்டினான். கெண்டைக்கால்ல ரெண்டு புள்ளி, பொறுக்கு கட்டி ஓரம் சிவந்திருந்துச்சு. போன வெள்ளிக்கிழமை, இலை எடை போடற ஷெட்டுக்கு அடியில குட்டி போட்டிருந்த நாய், அவன் தினமும் பிஸ்கட் போடற நாய், ஒரு குட்டியைத் தூக்கியிருக்கான், தாய் நாய் வந்து கவ்விட்டு விட்டுடுச்சு. ரத்தம் வந்துச்சு, தேயிலையை கசக்கி வச்சுக்கிட்டானாம். அன்னைக்கு வியாழன், ஆறு நாள் போயிடுச்சு.

ஆறு நாள் ஆனாலும் லேட்டுன்னு விடக் கூடாது, அன்னைக்கே ஆரம்பிக்கணும். முதல்ல ஸ்கூல் குழாய்லயே சோப்பு போட்டு அவனே கடிகாரத்தைப் பாத்துட்டே கழுவினான். அவங்க அம்மா தோட்டத்துல இருந்து இலைப்பையோட ஓடி வந்தாங்க, கை ஓங்கினாங்க, நான் நடுவுல நின்னு "அக்கா, சொன்னதுக்கு அடிச்சா அடுத்த தடவை சொல்ல மாட்டான்"னேன். ஜீப்புல டவுன் அரசு ஆஸ்பத்திரி, ரத்தம் வந்த கடிங்கறதால காயத்தைச் சுத்தி சீரமும், ரெண்டு தோள்லயும் தோலுக்குள்ள போடற ஊசியும் போட்டாங்க. அப்புறம் மூணாவது நாள், ஏழாவது நாள், இருபத்தெட்டாவது நாள்.

முதல் நாளை ஒண்ணுன்னு எண்ணாம பூஜ்யம்னு எண்ணணும், அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. வியாழன் பூஜ்யம்னா மூணாவது நாள் ஞாயித்துக்கிழமை, பக்கத்து சுகாதார நிலையத்துல அன்னைக்கு ஊசி ரூம் பூட்டியிருந்துச்சு, திங்கள் போலாம்னாங்க வீட்ல. அவசரப் பிரிவு இருக்கற ஆஸ்பத்திரிக்கு போங்கன்னு முதல்லயே சொல்லி வச்சிருந்ததால போய் போட்டுட்டாங்க. தாய் நாயை யாரும் அடிக்கல, தூரத்துல இருந்து சோறு வச்சுட்டு பத்து நாள் கண்காணிச்சோம், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனாலும் டாக்டர் சொன்னபடி இருபத்தெட்டு வரைக்கும் முடிச்சான். ஊசி அட்டையை பத்திரமா வைக்கச் சொல்லுங்க, மறுபடி எப்பவாவது கடி வாங்கினா அட்டை இருந்தா ரெண்டு ஊசியோட முடியும், சீரமும் வேண்டியதில்ல.

"வீட்டு நாயை பாத்துக்கறதுல சின்ன பிள்ளைக்கு என்ன வேலை கொடுக்கலாம்?"

ஒண்ணாம் ரெண்டாம் கிளாஸ் பிள்ளைக்கு தண்ணி. காலையில ஸ்கூல் கிளம்பறதுக்கு முன்னாடி கிண்ணத்தைக் கழுவி புதுத் தண்ணி ஊத்தறது, பனிக்காலத்துல ஊட்டி பக்கம் தண்ணி மேல ஐஸ் ஏடு படிஞ்சிருக்கும், அதைக் கொட்டிட்டு மாத்தறது. மூணாம் கிளாஸ்ல இருந்து படுக்கை, சாக்கு ஈரமா இருக்கான்னு தொட்டுப் பாத்து வெயில்ல போடறது. நாலு அஞ்சுக்கு தடுப்பூசி தேதி, நாய்க்கு மூணு மாசத்துல முதல் ரேபிஸ் ஊசி, அதுக்கப்புறம் டாக்டர் அட்டையில எழுதற தேதியில பூஸ்டர், வருஷா வருஷம் ஒரு ஊசி. எங்க பிள்ளைங்க வீட்டு காலண்டர்ல தன் பிறந்தநாளுக்கு போடற மாதிரியே நாய் ஊசி தேதிக்கும் வட்டம் போடும். உண்ணி பிடுங்கறது, மருந்து கொடுக்கறது, குளிப்பாட்டறது பெரியவங்க வேலை, வலியில எந்த நாயும் கடிக்கும்.

சாப்பாட்டுல மூணு விஷயம் நம்ம ஊர்ல கண்டிப்பா சொல்லணும். சாக்லேட், வீட்டு வீட்டுக்கு செய்யறோம், பிள்ளை ஆசையா நாய்க்கும் கொடுக்கும், அது நாய்க்கு விஷம், கறுப்பா கசப்பா இருக்க இருக்க விஷம் அதிகம். வெங்காயம், குழம்பு சோறு போடறப்போ அதுல வெங்காயம் இருக்கும், அதுவும் ஆகாது, திராட்சையும் ஆகாது.

"ராத்திரி காவலுக்கு வாசல்ல கட்டிப் போடறோம், அது தப்பா டீச்சர்? எங்க பையன் வந்து எங்களையே கேள்வி கேக்கறான்."

கேக்கட்டும். வாசல்ல சங்கிலியில கட்டின நாய் சிறுத்தைக்கு கட்டி வச்ச தீனி. நாய் தேடித்தான் சிறுத்தை லயன் வரைக்கும் வருது, ஒரு தடவை கிடைச்சா மறுபடி வரும், விடியக்காலையில பிள்ளைங்க நடக்கற அதே பாதையில வரும். சங்கிலியில இருக்கற நாயால ஓடவும் முடியாது. ராத்திரி கதவு போட்ட ஷெட்லயோ வீட்டுக்குள்ளயோ விடுங்க, குரைக்கறதுதானே காவல், உள்ள இருந்தும் குரைக்கும்.

பகல் பூரா கட்டியே கிடக்கற நாயும் ஆபத்துதான், அவுத்து விட்டதும் முதல்ல ஓடி வர்ற பிள்ளை மேலதான் பாயும். காலையும் சாயங்காலமும் பெரியவங்க கூட்டிட்டு போய் நடக்க விடணும், தனியா அவுத்து விட்டா தோட்டத்துக்குள்ள மானையும் முயலையும் துரத்தப் போயிடும். குட்டி வேண்டாம்னா கால்நடை டாக்டர்கிட்ட கருத்தடை ஆபரேஷன் பத்தி கேளுங்க, சாக்குல கட்டி வேற ஊர் வளைவுல விட்டுட்டு வர்றதை பிள்ளை பாத்துட்டுத்தான் இருக்கும். குட்டியை வேற வீட்டுக்கு கொடுக்கறதா இருந்தா எட்டு வாரமாவது தாயோட விடுங்க, அதுக்கு முன்னாடி பிரிச்ச குட்டிக்கு எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்னு தாயும் கூடப் பொறந்ததுங்களும் கத்துக் கொடுத்திருக்காது.

"நாயை கொஞ்சவே கூடாதுன்னு சொல்லிடலாமா?"

வேண்டாம், அதை எந்தப் பிள்ளையும் கேக்காது. முறையா கொஞ்சச் சொல்லிக் கொடுங்க. முதல்ல நாய் வீட்டுக்காரங்ககிட்ட கேக்கணும், அப்புறம் நாய்கிட்ட கேக்கணும். எப்படின்னா பக்கவாட்டுல நின்னு கையை மூடி தொடைக்குப் பக்கத்துல வச்சு காத்திருக்கணும், அது தானா வந்து மோந்து பாத்தா சம்மதம், வரலேன்னா இன்னைக்கு வேண்டாம்னு அர்த்தம். தலை மேல கை கொண்டு போகாம மார்லயோ தோள்லயோ தடவணும், மூணு எண்ணிட்டு கையை எடுத்துடணும். மறுபடி முட்டிக்கிட்டு வந்தா இன்னொரு மூணு. கட்டிப் பிடிக்கறது, முகத்தோட முகம் வைக்கறது சொந்த நாய்னாலும் வேண்டாம்.

"பிள்ளைங்களுக்கு புரிஞ்சுதான்னு எப்படி செக் பண்றது? பரீட்சை வைக்கணுமா?"

எழுத வச்சா எல்லாம் சரியாத்தான் எழுதும், "நாயைக் கண்டால் ஓடக்கூடாது"ன்னு அழகா எழுதிட்டு வெளிய போய் ஓடும். ரெண்டு வாரம் கழிச்சு, சொல்லாம கொள்ளாம, இன்டர்வெல் நேரத்துல வராண்டாவுல பொம்மை நாயை இழுத்துட்டு வேகமா வருவேன். போன தடவை நாப்பத்தொரு பிள்ளைங்கள்ல பதினேழு பேர் ஓடிட்டாங்க, அதுல பதிமூணு ஒண்ணாம் ரெண்டாம் கிளாஸ். அந்த பதினேழு பேருக்கு மட்டும் மறுபடி ஓக் மரம், தினமும் பிரேயர் முடிஞ்சு ஒரு நிமிஷம், ஒரு வாரம். அடுத்த தடவை இழுத்தப்போ நாலு பேர்தான் ஓடினாங்க. இப்போ அந்த நாலு பேரோட நின்னுட்டு இருக்கேன்.